பயந்த நேரத்தில் படபடத்த நெஞ்சு, இரவில் படுத்த பிறகு துடிப்பை விடுவது ஏன்?

பாலக்கோடு தக்காளி வண்டி எழுதியது:

எனக்கு வயது 38. பாலக்கோடு மண்டியிலிருந்து சேலத்துக்குத் தக்காளி ஏற்றிச் செல்லும் சிறிய சரக்கு வண்டி ஓட்டுகிறேன். சில வாரங்களுக்கு முன்பு விடியற்காலையில் தொப்பூர் கணவாயில் இறங்கிக்கொண்டிருந்தபோது, பின்னால் வந்த லாரி ஒன்று பிரேக் பிடிக்காமல் என் வண்டியை ஒட்டியபடி கடந்து போய் நடுத்தடுப்பில் மோதி நின்றது. என் வண்டியில் ஒரு கீறலும் இல்லை. ஆனால் அந்த நொடியிலிருந்து நெஞ்சு அடித்த அடி, சட்டை அசைவதை நானே பார்க்கும் அளவுக்கு இருந்தது. வண்டியை ஓரம் கட்டினேன். கைவிரல்களும் உதட்டைச் சுற்றியும் மரத்துப்போயின, தலை கிறுகிறுத்தது. அடங்குவதற்கு அரை மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று.

என் கேள்வி அதைப் பற்றியது அல்ல. பயந்தால் நெஞ்சு அடிக்கும் என்பது யாருக்கும் தெரியும். அன்று இரவு சாப்பிட்டுவிட்டுப் படுத்த பிறகு, எந்தப் பயமும் மனத்தில் இல்லாத நேரத்தில், இதயம் ஒரு துடிப்பை விட்டுவிட்டு அடுத்ததைப் பலமாக அடித்தது. சற்று நேரம் கழித்து மறுபடியும் அப்படியே. அதுமுதல் பெரும்பாலான இரவுகளில் இது வருகிறது. பகலில் மூட்டை ஏற்றி இறக்கும்போது ஒருமுறைகூட வந்ததில்லை. மருத்துவமனையில் இசிஜி எடுத்துப் பார்த்து, ஒன்றுமில்லை, பதற்றம்தான் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பதற்றம் என்றால் பதற்றமான நேரத்தில் அல்லவா வர வேண்டும்? அமைதியாக இருக்கும்போது வருவது எப்படி?

அணைக்கரை மாந்தோப்பு, கிருஷ்ணகிரி எழுதியது:

தம்பி, இசிஜியை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள். என் மைத்துனருக்கும் இசிஜி நன்றாகத்தான் இருந்தது. மாடிப்படி ஏறினால் நெஞ்சைப் பிடிக்கிறது என்றவருக்கு ஆஞ்சியோ எடுத்தபோது இரண்டு அடைப்புகள் இருந்தன. நீங்களும் டிரெட்மில் சோதனை செய்துகொண்டு, அவசியமானால் ஆஞ்சியோவும் எடுத்துவிடுவது நல்லது.

ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர், அதியமான்கோட்டை எழுதியது:

நண்பர் கேட்பது அடைப்பைப் பற்றி அல்ல, துடிப்பின் ஒழுங்கைப் பற்றி. மைத்துனருக்கு நடந்தபோது வலித்தது. இவருக்கோ மூட்டை தூக்கும்போது ஒன்றுமில்லை, படுத்தால்தான் வருகிறது. இரண்டும் ஒன்றல்ல.

இதற்குக் காரணம் அட்ரினலின். சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல் அமர்ந்திருக்கும் சுரப்பிகள் பயம் வந்தவுடன் அதை இரத்தத்தில் கொட்டுகின்றன. இதயம் வேகமாகவும் பலமாகவும் அடிக்கிறது. அன்று சுரந்தது அளவுக்கு மீறிப் போனதால் அது இன்னும் உடலில் தங்கியிருக்கிறது என்றே நினைக்கிறேன். தங்கியிருக்கும் அட்ரினலின் அவ்வப்போது இதயத்தை ஒரு கணம் நிறுத்தி வைக்கிறது. மறு துடிப்பு அந்தக் குறையைச் சரிசெய்யப் பலமாக வருகிறது. நாளடைவில் கழிந்துவிடும்.

காவேரிப்பட்டணம் மருத்துவர் எழுதியது:

ஆசிரியர் ஐயா சொன்னதில் முதல் பாதி சரி. ஆனால் அட்ரினலின் உடலில் நாள்கணக்கில் தங்குவதில்லை. இரத்தத்தில் கலந்த அட்ரினலின் இரண்டு மூன்று நிமிடங்களுக்குள் பாதியாகக் குறைந்துவிடுகிறது. அது இதயத்தை நிறுத்தி வைப்பதும் இல்லை. கேட்டவரின் ஐயம் மிக நியாயமானது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். படபடப்பும் துடிப்பு விடுவதும் இரண்டு தனித்தனி நிகழ்வுகள். மக்கள் இரண்டையும் பதற்றம் என்ற ஒரே பெயரில் சொல்வதால்தான் இந்தக் குழப்பம் வருகிறது.

முதலில் படபடப்பு. இதயத்தின் மேலறைச் சுவரில் உள்ள சைனஸ் முனை தானாகவே மின்தூண்டல் எழுப்பிக்கொண்டிருக்கிறது. நரம்புகளின் தலையீடு எதுவும் இல்லாமல் அதை விட்டுவிட்டால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 முறை துடிக்கும். மாற்று இதயம் பொருத்தப்பட்டவர்களுக்கு நரம்பு இணைப்பு அறுந்திருப்பதால், சும்மா உட்கார்ந்திருக்கும்போதே துடிப்பு 90 முதல் 110 வரை இருப்பதை நாங்கள் பார்க்கிறோம். ஆகவே நம்மில் பெரும்பாலானோருக்கு எழுபதாக இருப்பது, வேகஸ் நரம்பு இடைவிடாமல் அழுத்திக்கொண்டிருப்பதன் விளைவு. கணவாயில் வண்டியை இறக்குபவருக்கு இது எளிதில் புரியும்: சரிவில் நிற்கும் வண்டி ஓட ஆக்சிலரேட்டர் தேவையில்லை, பிரேக்கிலிருந்து காலை எடுத்தாலே போதும். லாரி உரசிய கணத்தில் முதலில் நடந்ததும் அதுதான். வேகஸ் தன் பிடியை விட்டது. அதன் விளைவு அடுத்த துடிப்பிலேயே தெரியும். இதயத்தை முடுக்கும் பரிவு நரம்புகளின் வேலை தெரியச் சில வினாடிகள் ஆகும். சுரப்பியிலிருந்து இரத்தத்தின் வழியாக வரும் அட்ரினலின் அதற்கும் பின்னால்தான் வந்து சேர்கிறது. நீங்கள் உணர்ந்த முதல் அடிக்கு அட்ரினலின் காரணமே அல்ல. அதைத் தொடர்ந்து சட்டை அசையும் அளவுக்கு அடித்ததற்குத்தான் அது பொறுப்பு.

பலமாக அடிப்பதற்குக் காரணம் கால்சியம். அட்ரினலின் இதயத் தசைச் செல்லின் மேலுள்ள பீட்டா ஏற்பிகளில் படிந்தவுடன், ஒவ்வொரு துடிப்பிலும் செல்லுக்குள் வழக்கத்தைவிட அதிகக் கால்சியம் நுழைகிறது. கால்சியம் எவ்வளவோ அவ்வளவு சுருக்கம். பயம் இல்லாத நேரத்திலும் இதயம் ஒரு நாளைக்கு ஒரு லட்சம் முறை அடிக்கத்தான் செய்கிறது, நாம் கவனிப்பதில்லை. இந்தச் சுருக்கத்தின் வன்மைதான் அதைக் கவனிக்க வைக்கிறது.

துடிப்பு விடுவதைப் பற்றி இன்றிரவு தொடர்கிறேன். வெளியே நோயாளிகள் காத்திருக்கிறார்கள்.

பாலக்கோடு தக்காளி வண்டி எழுதியது:

நன்றி ஐயா. அதற்குள் இரண்டு ஐயங்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் பாதியாகும் என்றால் எனக்கு ஏன் அரை மணி நேரம் அடங்கவில்லை? விரல்கள் மரத்துப்போனதைக் கண்டு மாரடைப்பு வந்துவிட்டதென்றே நினைத்தேன்; அதற்கும் இதயத்துக்கும் தொடர்பு உண்டா?

காவேரிப்பட்டணம் மருத்துவர் எழுதியது:

நீங்களே விடையைச் சொல்லிவிட்டீர்கள். முதலில் சுரந்தது பத்து நிமிடத்தில் பெரும்பாலும் அழிந்திருக்கும். ஆனால் அதற்குள் நெஞ்சு அடிப்பதையும் விரல் மரத்ததையும் கண்டு, மாரடைப்பு என்று நினைத்தீர்கள். மூளைக்கு அது லாரிக்குச் சமமான இரண்டாவது ஆபத்து. அது மறுபடியும் சுரக்கச் சொல்கிறது, மறுபடியும் அடிக்கிறது, அதைக் கண்டு மறுபடியும் பயம். அரை மணி நேரம் ஓடியது அந்த முதல் அட்ரினலின் அல்ல. தவணை தவணையாகப் புதிதாக வந்தது.

மரத்துப்போனது மூச்சினால். பயத்தில் உங்களை அறியாமலேயே வேகமாகவும் ஆழமாகவும் மூச்சு விட்டிருப்பீர்கள். உடல் ஓடவில்லை, வண்டியில் உட்கார்ந்திருக்கிறது. ஆகவே உண்டாகும் கரியமில வாயுவைவிட வெளியேறுவது அதிகம். இரத்தம் காரத்தன்மை பக்கம் சாய்கிறது, அதில் தனியாக மிதக்கும் கால்சியத்தின் அளவு குறைகிறது, நரம்பு நுனிகள் காரணமின்றிக் கிளர்கின்றன. அதுதான் விரலிலும் உதட்டைச் சுற்றியும் தெரியும் மரமரப்பு. மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய்களும் சற்றே சுருங்குவதால் கிறுகிறுப்பு. மாரடைப்பில் இரு கைவிரல்களும் உதடும் ஒருசேர மரத்துப்போவது வழக்கமல்ல. இதற்கு வைத்தியம், உள்ளிழுப்பதைவிட வெளிவிடுவதற்கு அதிக நேரம் எடுத்துக்கொண்டு மெதுவாக மூச்சு விடுவதுதான். மூச்சை வெளியே விடும்போது வேகஸின் பிடி இறுகுகிறது என்பதும் இதில் ஓர் ஆதாயம். காகிதப் பையை முகத்தில் வைத்துக்கொள்ளும் பழக்கம் வேண்டாம். வந்தது உண்மையிலேயே இதய நோயாகவோ நுரையீரல் நோயாகவோ இருந்தால் அது ஆபத்தில் முடியும்.

இனி இரவு நடப்பது. நீங்கள் "விட்டது" என்று சொல்லும் துடிப்பு உண்மையில் விடப்படவில்லை, முன்கூட்டியே வந்துவிட்டது. சைனஸ் முனையின் முறை வருவதற்குள் கீழறையிலோ மேலறையிலோ வேறோர் இடம் தானாக ஒரு தூண்டலை எழுப்பிவிடுகிறது. இதயப் பிரிவில் எக்டோபிக் என்பார்கள். நோயாளிகளிடம் எக்ஸ்ட்ரா பீட் என்று சொல்லுவோம். கீழறையில் எழுவதையே எடுத்துக்கொள்வோம்.

படுத்திருக்கும்போது உங்கள் துடிப்பு நிமிடத்துக்கு 60 என்று வையுங்கள். வினாடிக்கு ஒன்று. ஒரு துடிப்பு வந்த 0.6 வினாடியிலேயே இந்த அவசரத் துடிப்பு வந்துவிடுகிறது. இதய அறை அதற்குள் பாதிதான் நிரம்பியிருக்கும். அது வெளியே தள்ளும் இரத்தம் மிகக் குறைவு என்பதால் மணிக்கட்டில் விரல் வைத்திருந்தாலும் அந்தத் துடிப்பு தென்படாது. 1 வினாடியில் சைனஸ் முனை தன் முறைப்படி தூண்டல் அனுப்புகிறது. ஆனால் கீழறை அப்போதுதான் சுருங்கி முடித்திருப்பதால் அதை ஏற்பதில்லை. எனவே அடுத்தது 2 வினாடியில்தான். 0.6லிருந்து 2 வரை 1.4 வினாடி இடைவெளி. "நின்றுவிட்டது" என்று நீங்கள் நினைப்பது இந்த இடைவெளியை. அந்த நேரம் முழுவதும் அறைகளில் இரத்தம் நிரம்பிக்கொண்டே இருக்கிறது, செல்லுக்குள் கால்சியமும் சேர்கிறது. ஆகவே அடுத்த துடிப்பு வழக்கத்தைவிடப் பெரிதாகவும் வலுவாகவும் வந்து மார்புச் சுவரில் மோதுகிறது. அவசரத் துடிப்புத்தான் ஒழுங்கு தவறியது, அதை நீங்கள் உணரவே இல்லை. உணர்ந்தது, அதற்குப் பிறகு ஒழுங்காக வந்த துடிப்பை.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். கணவாயில் உங்கள் துடிப்பு 120 இருந்திருக்கும். துடிப்புக்கும் துடிப்புக்கும் இடையே அரை வினாடிதான். அந்த அவசர இடம் வாய் திறப்பதற்குள் சைனஸ் முனையின் அடுத்த தூண்டல் வந்து அதை மூடிவிடுகிறது. மூட்டை தூக்கும்போதும் அப்படித்தான். படுத்து, வேகஸ் பிடியை இறுக்கி, துடிப்பு அறுபதுக்கு இறங்கும்போதுதான் அதற்கு இடம் கிடைக்கிறது. அமைதியில் வருகிறது என்று நீங்கள் கண்டது முற்றிலும் சரியான அவதானிப்பு. பெரும்பாலும் தீங்கில்லாத வகைதான் அப்படி வரும். வேலை செய்யச் செய்ய அதிகமாகும் வகை இருந்தால்தான் நான் கவலைப்படுவேன்.

பென்னாகரம் செல்வி எழுதியது:

மருத்துவர் ஐயா அழகாக விளக்கியிருக்கிறார். ஆனால் "பதற்றம்தான்" என்று சொல்லி அனுப்பப்பட்ட ஒருத்தி என்ற முறையில் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எனக்கும் படபடப்புத்தான். வீட்டில் மாமியாரிடம் திட்டு வாங்கிய பிறகும் வரும், சும்மா பூக்கட்டிக்கொண்டிருக்கும்போதும் வரும். ஆண்டுக்கணக்கில் எனக்குத் தூக்க மாத்திரையும் மனத்தைத் திடப்படுத்திக்கொள் என்ற அறிவுரையுமே கிடைத்தன.

ஒருமுறை அது வந்தபோது பக்கத்திலேயே ஆரம்ப சுகாதார நிலையம் இருந்ததால் ஓடிப்போய் இசிஜி எடுக்கச் சொன்னேன். துடிப்பு 190. செவிலியர் உடனே 108க்குச் சொல்லிவிட்டார். பெரிய மருத்துவமனையில் நரம்பில் ஓர் ஊசி போட்டார்கள். சில வினாடிகள் நெஞ்சே அமுங்கியது போல் இருந்தது, பிறகு சட்டென்று எழுபதுக்கு வந்துவிட்டது. எஸ்விடி என்றார்கள். பிறவியிலேயே இதயத்தில் ஒரு கூடுதல் மின்பாதை இருந்ததாம். கம்பி விட்டு அதைச் சுட்டு எடுத்துவிட்டார்கள். இப்போது மாமியார் எவ்வளவு திட்டினாலும் வருவதில்லை.

அண்ணன் கேட்டுக்கொள்ள வேண்டியது இதுதான்: உங்கள் படபடப்பு எப்படித் தொடங்கியது, எப்படி முடிந்தது?

பாலக்கோடு தக்காளி வண்டி எழுதியது:

தங்கச்சி, லாரி போனதும் ஏறியது. குறையும்போது மெதுவாகத்தான் குறைந்தது. எந்த நிமிடத்தில் நின்றது என்று என்னால் சொல்ல முடியாது.

காவேரிப்பட்டணம் மருத்துவர் எழுதியது:

செல்வி அவர்கள் கேட்டது எந்த மருத்துவரும் கேட்க வேண்டிய முதல் கேள்வி. பயத்தினால் வரும் படபடப்பில் சைனஸ் முனைதான் வேகமாகிறது. எனவே அது ஏறி, இறங்கும். முடிந்த நேரத்தை யாராலும் குறிப்பிட முடியாது. எஸ்விடியில் மின்தூண்டல் ஒரு வளையத்துக்குள் மாட்டிக்கொண்டு சுற்றுகிறது. வளையம் மூடிய கணத்தில் 80லிருந்து 180க்கு ஒரே தாவல், அறுந்த கணத்தில் அதே போல் இறக்கம். அத்தகையவர்களில் சிலர் கழுத்தில் ஏதோ அடிப்பதாகச் சொல்வார்கள், முடிந்த பிறகு நிறையச் சிறுநீர் போவதாகவும் சொல்வார்கள். இவை இருந்தால், பயம் இருந்ததா இல்லையா என்பதை ஒதுக்கிவிட்டு, படபடப்பு வந்த நேரத்திலேயே இசிஜி எடுப்பதுதான் வழி. வராத நேரத்தில் எடுக்கும் இசிஜி பத்து வினாடிக் காட்சி. அது சரியாக இருப்பது இதில் எதையும் நிரூபிக்காது. 190 துடிக்கும் இதயத்தோடு இருப்பவருக்குப் பதற்றம் வரத்தான் செய்யும். அதைக் காரணம் என்று எழுதிவிடுவது எங்கள் தொழிலில் அடிக்கடி நேரும் தவறு. பெண்களுக்கு இது அதிகம் நேர்கிறது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஊத்தங்கரை உழவன் எழுதியது:

நான் படித்தவரை யாரும் வாயுவைப் பற்றிப் பேசவே இல்லை. எனக்கும் இப்படித்தான் துடிப்பு விட்டு விட்டு வரும். இரவில் களியும் கறிக்குழம்பும் வயிறு முட்டச் சாப்பிட்டால் தவறாமல் வரும். ஏப்பம் வந்தால் நின்றுவிடும். இஞ்சிச் சாறு குடியுங்கள். எல்லாம் வாயு.

ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர், அதியமான்கோட்டை எழுதியது:

வயிற்றிலுள்ள வாயு இதயத்துக்குள் போக எந்த வழியும் இல்லை, உழவரே. உதரவிதானம் என்ற தசைத் திரை இரண்டுக்கும் இடையில் இருக்கிறது.

மருத்துவர் என் கருத்தைத் திருத்தியதை ஏற்கிறேன். ஆனாலும் ஒன்று எனக்குத் தெளியவில்லை. மெதுவாகத் துடிக்கும்போது அவசரத் துடிப்புக்கு இடம் கிடைக்கிறது என்றீர்கள். இடம் கிடைப்பது வேறு, அது எழுவதே வேறு. நண்பருக்குக் கணவாய் நிகழ்ச்சிக்கு முன்பு இது இல்லையே? அட்ரினலினுக்கு இதில் பங்கே இல்லை என்றால், அன்றிரவிலிருந்து தொடங்கியது எதனால்?

காவேரிப்பட்டணம் மருத்துவர் எழுதியது:

உழவர் சொல்வதை முழுக்கத் தள்ள வேண்டாம். காற்று இதயத்துக்குள் போவதில்லை என்பது உண்மை. ஆனால் நிறைந்த இரைப்பை உதரவிதானத்தை மேலே தள்ளும், அதன் மேல்தான் இதயம் அமர்ந்திருக்கிறது. இரைப்பைக்கும் இதயத்துக்கும் செல்வது அதே வேகஸ் நரம்பு. வயிறு முட்டச் சாப்பிட்டுப் படுத்தால் சிலருக்கு எக்டோபிக் அதிகமாவதை நோயாளிகள் பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். இஞ்சிச் சாற்றைவிட, இரவு உணவைச் சற்றுக் குறைத்து, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் படுப்பது பயன்படும்.

ஆசிரியரின் கேள்வி கடினமானது. பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. அட்ரினலினால் செல்லுக்குள் கால்சியம் அதிகமாகிறது என்றேன் அல்லவா? செல்லின் உள்ளே கால்சியத்தைச் சேமிக்கும் பைகள் அளவுக்கு மீறி நிரம்பினால், இரண்டு துடிப்புகளுக்கு நடுவே அதில் கொஞ்சம் கசியும். கசிந்ததை வெளியேற்றும்போது சிறு மின்னோட்டம் ஒன்று உண்டாகிறது. அது ஓர் எல்லையைத் தாண்டினால் துடிப்பாகிவிடுகிறது. அட்ரினலின் இரத்தத்திலுள்ள பொட்டாசியத்தைச் செல்களுக்குள் தள்ளி அதன் அளவைத் தற்காலிகமாகக் குறைப்பதும் இதற்குத் துணைபோகிறது. எனவே கவலையோடு நாளைக் கழித்தவருக்கு எக்டோபிக் எழுவதற்கான சூழல் கூடுதலாக இருப்பது இயல்பு. தூக்கம் கெட்டால் இது இன்னும் கூடும். சரக்கு வண்டி ஓட்டுபவர் விழித்திருக்கக் குடிக்கும் தேநீரும் சிலருக்கு அதில் சேரும்.

ஆனால் அன்றிரவுதான் தொடங்கியதா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. நலமாக இருப்பவர்களுக்கு 24 மணி நேரப் பதிவு வைத்துப் பார்த்தால் மிகப் பலருக்கு ஒரு சில எக்டோபிக் துடிப்புகளாவது இருக்கின்றன, அவர்கள் அவற்றை உணர்வதே இல்லை. நண்பருக்கும் முன்பே இருந்திருக்கலாம். விபத்துக்குப் பிறகு மனம் நெஞ்சின் பக்கமே காதை வைத்துக்கொண்டிருக்கிறது. அறையில் ஓசை இல்லை, இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் இதயம் மார்புச் சுவரை இன்னும் நெருங்குகிறது, அந்தப் பெரிய துடிப்பு கேட்காமல் எங்கே போகும்? வலப்பக்கம் திரும்பிப் படுத்துப் பாருங்கள். எண்ணிக்கை மாறாது, உணர்வது குறையும்.

ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர், அதியமான்கோட்டை எழுதியது:

அப்படியானால் பதற்றம் துடிப்பை உண்டாக்குகிறதா, அல்லது இருந்த துடிப்பைக் காட்டிக்கொடுக்கிறதா? இரண்டில் எது என்று நீங்கள் சொல்லவில்லை.

காவேரிப்பட்டணம் மருத்துவர் எழுதியது:

ஒருவரைப் பார்த்து இது இத்தனை பங்கு, அது இத்தனை பங்கு என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது, ஐயா. விபத்துக்கு முந்தைய பதிவு இல்லாத நிலையில் யாராலும் முடியாது.

நண்பர் செய்ய வேண்டியது: உடலில் மாட்டிக்கொண்டு 24 மணி நேரமும் இசிஜி பதியும் ஒரு ஹோல்டர் பதிவு, ஒரு எக்கோ, கூடவே தைராய்டு, ஹீமோகுளோபின், பொட்டாசியம் ஆகியவற்றுக்கு இரத்தச் சோதனை. தைராய்டு மிகுந்தாலும் இரத்தசோகை இருந்தாலும் பதற்றம் போலவே நெஞ்சடிக்கும், ஆனால் எந்தப் பேச்சுக்கும் அடங்காது. ஹோல்டர் மாட்டியிருக்கும் நாளில் ஒவ்வொரு முறை உணரும்போதும் மணியைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்பு இல்லாத பதிவால் பாதிப் பயன்தான். படபடப்போடு மயக்கம் வந்தாலோ, வேலை செய்யும்போது துடிப்பு ஒழுங்கு தவறினாலோ, நெஞ்சு இறுகினாலோ, குடும்பத்தில் நாற்பது வயதுக்குள் யாரேனும் திடீரென்று இறந்திருந்தாலோ, இந்தத் தளத்தில் கேட்டுக்கொண்டிருக்காமல் அன்றே இதய மருத்துவரைப் பாருங்கள்.

அணைக்கரை மாந்தோப்பு, கிருஷ்ணகிரி எழுதியது:

என் மகன் கையில் கட்டியிருக்கும் ஸ்மார்ட் வாட்ச் எல்லாத் துடிப்பையும் எண்ணுகிறது. அதற்குப் பதிலாக ஹோல்டர் எதற்கு? என்னுடையதில் போன மாதம் துடிப்பு 38 என்று ஒருநாள் காட்டி வீடே பயந்துவிட்டது.

காவேரிப்பட்டணம் மருத்துவர் எழுதியது:

அந்த 38தான் ஹோல்டர் எதற்கு என்பதற்கு விடையாக இருக்கக்கூடும். பெரும்பாலான வாட்சுகள் தோலின் மேல் ஒளியைப் பாய்ச்சி, மணிக்கட்டுக்கு வரும் இரத்த அலையைத்தான் எண்ணுகின்றன. அவசரத் துடிப்பின் அலை மணிக்கட்டை எட்டாது என்று மேலே எழுதினேன். ஒன்றுவிட்டு ஒன்று எக்டோபிக்காக வரும்போது இதயம் 76 துடித்தாலும் வாட்ச் 38 என்றுதான் காட்டும். உங்களுக்கு நடந்தது அதுதானா என்று இங்கிருந்து சொல்ல முடியாது. ஒருமுறை இசிஜி எடுத்துவிடுங்கள். உங்கள் வயதில் உண்மையிலேயே 38 ஆக இருந்தால் அது வேறு கதை.

பாலக்கோடு தக்காளி வண்டி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். தருமபுரியில் ஹோல்டர் வைத்து எடுத்தாயிற்று. அதை மாட்டிக்கொண்டே சேலத்துக்கு வண்டியும் ஓட்டினேன். தாளில் இருப்பதை அப்படியே எழுதுகிறேன். மொத்தத் துடிப்பு 1,04,200. கீழறை எக்டோபிக் 612. அதில் இரவு பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் இடையில் மட்டும் 430. தொப்பூர் இறங்கும்போது துடிப்பு 112 வரை போயிருக்கிறது. அந்த நேரத்தில் எக்டோபிக் ஒன்றுகூட இல்லை. இரவில் நான் மணி குறித்தவை 19 தான். அதாவது அறுநூற்றுச் சொச்சத்தில் எனக்குத் தெரிந்தது பத்தொன்பது. எக்கோவும் தைராய்டும் சரி. ஹீமோகுளோபின் 13.8, பொட்டாசியம் 4.1. அறுநூறு என்பது அதிகம் இல்லையா ஐயா?

காவேரிப்பட்டணம் மருத்துவர் எழுதியது:

நூறில் ஒன்றுகூட இல்லை, 0.6 விழுக்காடு. மொத்தத் துடிப்பில் பத்து விழுக்காட்டைத் தாண்டி நீண்ட காலம் தொடர்ந்தால்தான் கீழறையின் வலு குறையக்கூடும் என்று நாங்கள் கவனமாக இருப்போம். எக்கோ சரியாக இருக்கும் நிலையில் இதற்கு மாத்திரை வேண்டியதில்லை. தொல்லை பொறுக்க முடியாமல் போனால் பீட்டா ஏற்பிகளை அடைக்கும் மாத்திரை உண்டு. ஆஸ்துமா இருப்பவர் அதை எடுக்கக் கூடாது, எடுத்தவர் திடீரென்று நிறுத்தவும் கூடாது. எனவே நேரில் கேட்டுத்தான் தொடங்க வேண்டும்.

நீங்கள் உணர்ந்த பத்தொன்பது எந்த நேரத்தில் இருந்தன என்று தாளில் பாருங்கள்.

பாலக்கோடு தக்காளி வண்டி எழுதியது:

பார்த்தேன். முதல் துடிப்பு தெரிந்தது 10.40க்கு. அதன் பிறகு பதினோரு மணிக்குள் பதினைந்து குறித்திருக்கிறேன். அந்த இருபது நிமிடத்தில் துடிப்பும் 62லிருந்து 88க்கு ஏறியிருக்கிறது. ஆனால் பதிவின்படி பதினொன்றுக்கு மேல் ஒன்றரை மணி வரை வந்தவையும் ஏராளம்; அப்போது தூங்கிவிட்டேன்.

ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர், அதியமான்கோட்டை எழுதியது:

முதலாவதை உணர்ந்த பிறகு துடிப்பு 88க்கு ஏறியிருப்பதைக் கவனியுங்கள். பயம் வந்திருக்கிறது, அட்ரினலின் வந்திருக்கிறது, எக்டோபிக்கும் தொடர்ந்திருக்கிறது. பயம் அவற்றை உண்டாக்குகிறது என்ற என் கட்சிக்கு இது சான்று.

பென்னாகரம் செல்வி எழுதியது:

தூங்கிய பிறகும் அவ்வளவு வந்திருக்கிறதே, ஆசிரியர் ஐயா. தூக்கத்தில் அவருக்கு என்ன பயம்?

ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர், அதியமான்கோட்டை எழுதியது:

கனவில் லாரி வந்திருக்கலாம், அம்மா.

காவேரிப்பட்டணம் மருத்துவர் எழுதியது:

பதினொன்றிலிருந்து ஒன்றரை வரை சைனஸ் துடிப்பு எவ்வளவு இருந்தது என்று மணிவாரியாக அந்தத் தாளின் இரண்டாம் பக்கத்தில் இருக்கும். 55, 58 என்று இருந்தால் கனவில் லாரி வரவில்லை. வேகஸ் அழுத்தியிருக்கிறது, இடம் கிடைத்திருக்கிறது. எண்பதுக்கு மேல் இருந்தால் ஆசிரியர் சொல்வதையும் யோசிக்க வேண்டியிருக்கும்.

பாலக்கோடு தக்காளி வண்டி எழுதியது:

பதினொன்று முதல் பன்னிரண்டு வரை சராசரி 57. பன்னிரண்டு முதல் ஒன்று வரை 54. அடுத்த அரை மணியில் 79 என்று இருக்கிறது. அந்த நேரத்தில் நாய்கள் குரைத்து ஒருமுறை எழுந்து தண்ணீர் குடித்ததாக ஞாபகம். ஆசிரியர் ஐயாவுக்கும் அதில் கொஞ்சம் இடம் இருக்கிறது போலும். எக்டோபிக் எண்ணிக்கை அந்த அரை மணியில் மட்டும் ஒன்பதாகக் குறைந்திருக்கிறது.